கொட்டேஷன் ஷீட்டில் கூட்டல் உதைக்கிறதா? எங்கே பார்ப்பது

கடலூரில் ஒரு ஸ்டேஷனரி கடை. பள்ளிக்கூடங்களுக்கு மொத்தமாக நோட்டு, பேனா கொடுப்பவர். கொட்டேஷன் போட ஒரு எக்செல் ஷீட் வைத்திருக்கிறார். யாரோ போட்டுக் கொடுத்தது, அதை இன்னொருவர் திருத்தியது, அதன்மேல் இவரே கை வைத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, மறுபடி கணக்கு உதைக்குது" என்பார். போய்ப் பார்த்தால் நாலைந்து கோளாறுகள்தான் மாறி மாறி வரும். அவற்றை அறிகுறிவாரியாக இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஷீட் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம். தலைப்புகள் 4-ஆம் வரிசையில், பொருள்கள் 5 முதல் 7 வரை, கூட்டல் 9-இல். (இந்த வேலையில் 'வரி' என்றால் ஜிஎஸ்டிதான். குறுக்கே போவதை வரிசை என்றே சொல்கிறேன், இல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும்.)

| A | B பொருள் | C அளவு | D விலை | E தள்ளுபடி | F வரிக்குரிய மதிப்பு | G ஜிஎஸ்டி | H சிஜிஎஸ்டி | I எஸ்ஜிஎஸ்டி | J மொத்தம் |
|---|---|---|---|---|---|---|---|---|---|
| 1 | 192 பக்க நோட்டு | 240 | 42.00 | 10% | 9,072.00 | 0% | 0.00 | 0.00 | 9,072.00 |
| 2 | ஜியோமெட்ரி பாக்ஸ் | 60 | 95.00 | 5% | 5,415.00 | 5% | 135.38 | 135.38 | 5,685.75 |
| 3 | பால்பாயிண்ட் பேனா | 300 | 7.50 | 5% | 2,137.50 | 18% | 192.38 | 192.38 | 2,522.25 |
| | மொத்தம் | 600 | | | 16,624.50 | | 327.75 | 327.75 | 17,280.00 |

விலை எல்லாம் வரி சேர்க்காத விலை. வரி விகிதங்கள் 2025 செப்டம்பர் 22-க்குப் பிந்தையவை. அதுவரை நோட்டுக்கும் ஜியோமெட்ரி பாக்ஸுக்கும் 12% இருந்தது. பழைய ஷீட்டை அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் G நெடுவரிசையில் அந்த 12% இன்னும் உட்கார்ந்திருக்கலாம். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அதைப் பாருங்கள். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் வியாபாரி வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க முடியாது. அவருக்கு G, H, I மூன்றுமே வேண்டாம்.

#VALUE! என்று வருகிறது, அல்லது அளவின் கூட்டல் மட்டும் குறைகிறது

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: எண் இருக்க வேண்டிய கட்டத்தில் எழுத்து இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் வாட்ஸப்பில் அனுப்பிய விலைப்பட்டியலிலிருந்து "95/-" என்று காப்பி செய்து ஒட்டியிருப்பார்கள், அல்லது அளவில் "60 பீஸ்" என்று அடித்திருப்பார்கள். அதைப் பெருக்கச் சொன்னால் எக்செல் #VALUE! காட்டிவிடும். இது நல்ல கோளாறு, ஏனென்றால் கண்ணில் பட்டுவிடுகிறது.

கண்ணில் படாத கோளாறு இன்னொன்று உண்டு. கட்டத்தில் வெறும் 60 தான் தெரியும், ஆனால் அது எழுத்தாகப் பதிவாகியிருக்கும். எக்செலில் `*` போட்டுப் பெருக்கினால், எழுத்தாக உள்ள 60-ஐயும் எண்ணாக எடுத்துக்கொள்ளும். அதனால் பணம் சரியாகவே வரும். ஆனால் `SUM` எழுத்தைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். அளவு நெடுவரிசையில் 600-க்குப் பதில் 540 வரும். ரூபாய் சரியாக இருப்பதால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. சரக்கு கட்டுகிற பையன் 540 என்று எண்ணிக் கட்டிவிட்டுப் போவான், பள்ளியிலிருந்து போன் வரும்.

கண்டுபிடிப்பது எளிது. ஷீட்டில் யாரும் அலைன்மென்ட் மாற்றவில்லை என்றால் எண் வலது ஓரத்தில் ஒட்டும், எழுத்து இடது ஓரத்தில் ஒட்டும். அலைன்மென்ட் மாற்றியிருந்தால் ஒரு காலிக் கட்டத்தில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

```
=ISTEXT(C6)
```

TRUE என்று வந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து Data → Text to Columns → Finish கொடுத்தால் பெரும்பாலும் எண்ணாகிவிடும். அப்படியும் மசியவில்லையென்றால் எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். வலைப்பக்கத்திலிருந்து காப்பி செய்யும்போது வருவது அது. `TRIM` அதை எடுக்காது. அந்தக் கட்டத்தை அழித்துவிட்டுக் கையால் அடிப்பதே வேகமான வழி.

"பீஸ்" என்று தெரிய வேண்டும் என்று கடைக்காரர் அடம் பிடித்தால், கட்டத்தில் 60 மட்டும் அடித்து, Format Cells → Custom-இல் `0" பீஸ்"` என்று கொடுங்கள். பார்வைக்கு 60 பீஸ், கணக்குக்கு வெறும் 60.

மொத்தம் மைனஸில் போகிறது, அல்லது வரி பூதமாக வருகிறது

நோட்டு வரிசையில் F கட்டம் -90,720 என்று காட்டினால் பதறாதீர்கள். தள்ளுபடியில் 10% இருக்க வேண்டிய இடத்தில் 10 இருக்கிறது. எக்செலுக்கு 10 என்றால் 1000%. ஒன்றிலிருந்து பத்து போக மைனஸ் ஒன்பது, அதை 10,080-ஆல் பெருக்கினால் அதுதான் வரும். பேனாவுக்கு வரி 18 என்று இருந்தால் சிஜிஎஸ்டி மட்டுமே 19,237.50 வரும்.

வழக்கமாக வேறொரு ஷீட்டிலிருந்து ஒட்டும்போதுதான் இது நடக்கும். அடிக்கும்போது சதவீதக் குறியையும் சேர்த்து `10%` என்று அடிக்கும் பழக்கம் இருந்தால் கட்டம் எந்த ஃபார்மேட்டில் இருந்தாலும் பிழை வராது. வரி விகிதத்துக்கு நான் Data Validation-இல் List போட்டுவிடுவேன். 0%, 5%, 18% மூன்றையும் ஓரமாக மூன்று கட்டங்களில் எழுதி, அவற்றிலிருந்துதான் தேர்ந்தெடுக்க முடியும் என்று வைத்துவிட்டால் 12% அடிக்கப் போனாலும் விடாது. ஒட்டுவதை மட்டும் அது தடுக்காது. ஒட்டினால் Validation-ஏ அழிந்து போகலாம்.

புதிதாகச் சேர்த்த பொருள் கூட்டலில் வரவில்லை

மொத்தம் என்ற வரிசைக்கு நேர் மேலே ஒரு வரிசையைச் சொருகி, ஸ்டேப்ளர் என்று எழுதி, விலையும் போட்டாயிற்று. கீழே கூட்டல் அசையவில்லை. கூட்டலில் `SUM(J5:J7)` என்று இருக்கிறது, நீங்கள் சேர்த்தது 8-ஆம் வரிசை. சில சமயம் எக்செல் தானே நீட்டிக்கொள்ளும், சில சமயம் நீட்டாது. அந்தச் 'சில சமயம்'தான் ஆபத்து.

அதற்குத்தான் மேலே உள்ள ஷீட்டில் 8-ஆம் வரிசை காலியாக இருக்கிறது. அதை ஒல்லியாக்கி, சாம்பல் நிறம் அடித்து விட்டிருக்கிறேன். கூட்டல் அதையும் சேர்த்து `SUM(J5:J8)` என்று போகும். புதுப் பொருளைச் சாம்பல் பட்டைக்கு மேலேதான் சொருக வேண்டும் என்பது மட்டுமே விதி. அப்படிச் செய்தால் கூட்டல் கட்டாயம் நீளும். மேல் வரிசையின் ஃபார்முலாக்களைக் கீழே இழுக்க மறக்காதீர்கள்.

கூட்டல் சரியாகவே எழுதியிருந்தும் எண் அசையவில்லையா? ஃபார்முலா இருந்த கட்டத்தில் யாரோ எண்ணை அடித்துவிட்டார்கள். `Ctrl` + `` ` `` அழுத்தினால் ஷீட் முழுக்க ஃபார்முலாக்கள் தெரியும். அவற்றுக்கு நடுவே தனியாக ஒரு எண் நின்றால் அதுதான் குற்றவாளி. எல்லாக் கட்டத்திலும் ஃபார்முலா இருந்தும் எதுவுமே மாறவில்லையென்றால் Formulas → Calculation Options-இல் Manual என்று இருக்கும், Automatic ஆக்குங்கள்.

கால்குலேட்டரில் கூட்டினால் பைசா ஒத்துப் போகவில்லை

மேலே உள்ள அட்டவணையை இன்னொருமுறை பாருங்கள், பிழை அதிலேயே இருக்கிறது. சிஜிஎஸ்டி நெடுவரிசையில் 135.38-ம் 192.38-ம். கூட்டினால் 327.76 வர வேண்டும். ஷீட் 327.75 என்கிறது. இந்தக் கொட்டேஷன் போன பள்ளியில் அலுவலகத்து அம்மா ஒருவர் ஒவ்வொரு எண்ணையும் கால்குலேட்டரில் போட்டுப் பார்ப்பவர். அவருக்கு வந்தது 17,280.02. "ரெண்டு பைசாதானே" என்று கடைக்காரர் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை, தாளைத் திருப்பி அனுப்பிவிட்டார். நான் அந்த அம்மா பக்கம்தான்: தாளில் அச்சாகியிருக்கும் எண்களைக் கூட்டினால் தாளில் அச்சாகியிருக்கும் மொத்தம் வர வேண்டும்.

நடந்தது இதுதான். ஜியோமெட்ரி பாக்ஸின் சிஜிஎஸ்டி உண்மையில் 135.375. இரண்டு தசமம் காட்டு என்று ஃபார்மேட் சொல்வதால் கட்டம் 135.38 என்று காட்டுகிறது. உள்ளே 135.375 அப்படியே இருக்கிறது. பேனாவுக்கும் அதே கதை: உள்ளே 192.375, வெளியே 192.38. கூட்டும்போது எக்செல் உள்ளே இருப்பதைக் கூட்டுகிறது, கால்குலேட்டர் வெளியே தெரிவதைக் கூட்டுகிறது. இங்கே மூன்று பொருள், இரண்டு பைசா. நாற்பது பொருள் உள்ள கொட்டேஷனில் வித்தியாசம் இன்னும் கூடலாம்.

தசமத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் இதற்கு மருந்து இல்லை, அது காட்சியை மட்டுமே மாற்றும். பணம் பிறக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் `ROUND` போட வேண்டும்:

```
F5: =ROUND(C5*D5*(1-E5),2)
H5: =ROUND(F5*G5/2,2)
I5: =H5
J5: =F5+H5+I5
```

H5-ஐக் கவனியுங்கள். முழு வரியைக் கணக்கிட்டு ரவுண்ட் செய்து, பிறகு பாதியாக்கினால் மறுபடி அரைப் பைசா முளைக்கும்: 270.75-இல் பாதி 135.375. அதனால் முதலில் பாதியாக்கி, அப்புறம் ரவுண்ட் செய்கிறேன். பாக்ஸுக்கு மொத்த வரி 270.76 ஆகிறது, ஒரு பைசா கூடுதல். பரவாயில்லை, தாளில் உள்ள எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகிறது.

இப்போது J9 17,280.02 காட்டும். அதை முழு ரூபாயாக்க J9-லேயே ரவுண்ட் செய்துவிடாதீர்கள். தனியாக 'ரவுண்ட் ஆஃப்' என்று ஒரு வரிசை போட்டு, எவ்வளவு கூட்டினோம், எவ்வளவு குறைத்தோம் என்று காட்டிவிடுங்கள்:

```
J10: =ROUND(J9,0)-J9
J11: =J9+J10
```

J10-இல் -0.02, J11-இல் 17,280.00. ஒரு எச்சரிக்கை: சில பில்லிங் மென்பொருள்கள் பொருள்வாரியாக ரவுண்ட் செய்யாமல், ஒரே விகிதத்தில் வரும் பொருள்களின் மதிப்பையெல்லாம் கூட்டிய பிறகு வரி போடும். உங்கள் பில் எப்படிப் போகிறதோ அப்படியே கொட்டேஷனும் போக வேண்டும். ஒரு பழைய பில்லை எடுத்து ஷீட்டில் போட்டுப் பார்த்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

கொட்டேஷனில் ஒரு தொகை, பில்லில் வேறு தொகை

எல்லாவற்றையும்விட இதுதான் எனக்கு அதிக நேரம் பிடித்தது, ஏனென்றால் ஷீட்டில் எந்த ஃபார்முலாவும் தப்பில்லை. தலைமையாசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, "ஒரு ஐந்நூறு குறைச்சுக்கோங்க" என்றிருக்கிறார். கடைக்காரர் 17,280-க்குக் கீழே 'ஸ்பெஷல் தள்ளுபடி 500' என்று எழுதி, 16,780 என்று முடித்துக் கொடுத்துவிட்டார். பிறகு பில் போட உட்கார்ந்தபோது மென்பொருளில் தள்ளுபடி 500 என்று அடித்தார். பில் 16,760 என்று வந்தது. இருபது ரூபாய் எங்கே போயிற்று?

சிஜிஎஸ்டி சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, விற்கும்போதே அல்லது அதற்கு முன்பே கொடுத்து, பில்லில் காட்டிய தள்ளுபடி வரிக்குரிய மதிப்பில் சேராது. அதாவது தள்ளுபடியை முதலில் கழித்து, மிச்சத்துக்குத்தான் வரி. மென்பொருள் அப்படிச் செய்தது. கடைக்காரர் வரியெல்லாம் போட்டு முடித்த தொகையிலிருந்து கழித்தார். வரி குறையவே இல்லை.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. எல்லாப் பொருளுக்கும் ஒரே சதவீதத் தள்ளுபடி என்றால், முன்னால் கழித்தாலும் பின்னால் கழித்தாலும் கடைசித் தொகை ஒன்றுதான். 10,000 ரூபாய்ச் சரக்கு, 10% தள்ளுபடி, 18% வரி: 9,000 + 1,620 = 10,620. வரி போட்ட 11,800-இல் 10% கழித்தாலும் 10,620. அதனால்தான் பலருக்கு இந்தப் பிழை வருடக்கணக்கில் தெரியாமலே போகிறது. மொத்தம் ஒத்துப் போகும், வரி நெடுவரிசை மட்டும் 1,620-க்குப் பதில் 1,800 என்று நிற்கும். ரூபாயாகத் தள்ளுபடி வரும்போதுதான் குட்டு உடையும்.

ஐந்நூறை எந்தப் பொருளில் கழிப்பது என்பது அடுத்த கேள்வி. நோட்டுக்கு வரியே இல்லை, பேனாவுக்கு 18%. பேனாவில் மட்டும் கழித்தால் வரி அதிகம் குறையும், நோட்டில் கழித்தால் ஒரு பைசாவும் குறையாது. பொதுத் தள்ளுபடி என்று சொல்லிவிட்டு இஷ்டத்துக்கு ஒரு பொருளில் ஏற்றாமல், மதிப்புக்கு ஏற்றபடி எல்லாவற்றுக்கும் பங்கு போடுவதே நியாயம். ஷீட்டில் F-க்கு அடுத்து இரண்டு நெடுவரிசைகளைச் சொருகி, தொகையை D2 கட்டத்தில் எழுதுங்கள்:

```
G5: =ROUND($D$2*F5/$F$9,2)
H5: =F5-G5
```

G தள்ளுபடியில் அந்தப் பொருளின் பங்கு. இனி வரிக்குரிய மதிப்பு F இல்லை, H. டாலர் குறிகளை விட்டுவிட்டுக் கீழே இழுத்தால் அடுத்த வரிசை D3-ஐயும் F10-ஐயும் தேடிப் போய்விடும். பங்கைக் கழிப்பதை F-க்குள்ளேயே செய்துவிடலாமே என்று நினைத்தால் எக்செல் circular reference என்று கத்தும்: F-ன் கூட்டலை வைத்து F-ஐயே கணக்கிடச் சொல்கிறீர்கள். அதனால்தான் தனி நெடுவரிசை.

சொருகியதும் ஒரு பொறி காத்திருக்கிறது. ஜிஎஸ்டி விகிதம் I-க்கும், சிஜிஎஸ்டி J-க்கும், எஸ்ஜிஎஸ்டி K-க்கும், மொத்தம் L-க்கும் நகர்ந்திருக்கும். நகர்ந்தாலும் பழைய ஃபார்முலாக்கள் இன்னும் F-ஐயே பிடித்துக்கொண்டிருக்கும். கையால் மாற்றுங்கள்:

```
J5: =ROUND(H5*I5/2,2)
L5: =H5+J5+K5
```

H9-இலும் ஒரு கூட்டல் போட்டுவிடுங்கள். D2-இல் 500 போட்டால் நோட்டுக்கு 272.85, பாக்ஸுக்கு 162.86, பேனாவுக்கு 64.29 என்று பிரியும். கூட்டினால் சரியாக 500. (வேறு எண்களில் ஒரு பைசா இடிக்கலாம். இடித்தால் பெரிய மதிப்புள்ள பொருளின் பங்கில் அதைச் சரிக்கட்டிவிடுவேன்.) வரிக்குரிய மதிப்பு 16,124.50, வரி 655.52-லிருந்து 635.78-க்கு இறங்குகிறது, மொத்தம் 16,760.28, ரவுண்ட் செய்து 16,760. பில்லும் அதையே சொன்னது.

ஆனால் தலைமையாசிரியர் கேட்டது அதுவா? அவர் கேட்டது கடைசித் தொகையில் ஐந்நூறு குறைய வேண்டும் என்று. வரிக்கு முன் 500 கழித்தால் அவருக்கு 520 குறைகிறது. மிச்ச இருபது வரியில் குறைந்தது, கடைக்காரர் கைக்காசு இல்லை. 16,780 என்று வாய்வார்த்தை கொடுத்தாயிற்று, அதுவே வர வேண்டும் என்றால் D2-இல் 500 போடக் கூடாது. குறைய வேண்டிய தொகையை, வரிக்குரிய மொத்தத்தால் பெருக்கி, வரி சேர்ந்த மொத்தத்தால் வகுக்க வேண்டும்: 500 × 16,624.50 ÷ 17,280 = 481.03. D2-இல் 481.03 போடுங்கள், ரவுண்ட் ஆஃப் முடிந்து 16,780 வந்து நிற்கும். பில்லிலும் தள்ளுபடி 481.03 என்றே போக வேண்டும்.

இதே குணம் எம்ஆர்பியிலும் உண்டு. 118 ரூபாய் எம்ஆர்பி போட்ட 18% பொருளின் வரியில்லா விலை வேண்டும் என்று 18% கழித்தால் 96.76 வரும். அது தப்பு. 1.18-ஆல் வகுத்தால் 100. D நெடுவரிசையில் எம்ஆர்பியைப் போட்டுவிட்டு மேலே இன்னொரு வரி ஏற்றிய கொட்டேஷன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அறிகுறி: வாடிக்கையாளர் "பாக்கெட்டில் போட்ட விலையைவிட உங்கள் விலை அதிகம்" என்பார்.

புதுச்சேரிப் பள்ளிக்குப் போட்டால்

கடலூர்க்காரருக்குப் புதுச்சேரி பஸ்ஸில் போகிற தூரம்தான். ஜிஎஸ்டிக்கு அது வேறு மாநிலக் கணக்கு. சரக்கைப் புதுச்சேரிப் பள்ளிக்குக் கொண்டுபோய் இறக்கினால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டும் கிடையாது, ஐஜிஎஸ்டி மட்டும். பழைய கொட்டேஷனையே காப்பி செய்து பள்ளியின் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினால் தொகை கிட்டத்தட்ட சரியாகத்தான் இருக்கும், தலைப்புதான் தப்பு. ஷீட்டை இன்னொரு பிரதி எடுத்து, இரண்டு வரி நெடுவரிசைகளுக்குப் பதில் ஒன்றே வைத்துக்கொள்ளுங்கள். பொதுத் தள்ளுபடி இல்லாத முதல் வடிவத்தில் அது இப்படி:

```
H5: =ROUND(F5*G5,2)
I5: =F5+H5
```

பாதியாக்கும் வேலை இல்லாததால் அரைப் பைசாவும் இல்லை. பாக்ஸுக்கு 270.75, பேனாவுக்கு 384.75. அதே மூன்று பொருள், அதே விலை, கூட்டினால் 17,280.00. ரவுண்ட் ஆஃப் கட்டத்தில் 0.00.